காண்ட்ராக்டர் கொடுத்த பில்லை அப்படியே பாஸ் பண்ணலாமா? பணம் கொடுக்கும் முன் குவாண்டிட்டி சர்வேயர் எதைப் பார்ப்பார்?

சென்னையில் வேலை, திண்டிவனத்தில் வீடு கட்டும் வேலை. தளம் போட்டு முடித்த மறுநாளே வாட்ஸ்அப்பில் பில் வந்து நிற்கும்: கான்கிரீட் இத்தனை கனஅடி, கம்பி இத்தனை கிலோ, பூச்சு இத்தனை சதுர அடி. "சார், வெள்ளிக்கிழமை ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கணும்" என்று போனும் வரும். ரேட் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதில் தகராறு இல்லை. ஆனால் அந்த அளவு சரியா?

இதைச் சொல்லத்தான் குவாண்டிட்டி சர்வேயர். விழுப்புரம், திண்டிவனம் மாதிரி ஊர்களில் இந்தப் பெயரில் போர்டு வைத்திருப்பவரைத் தேடுவது கஷ்டம்தான். எஸ்டிமேட் போடும் சிவில் இன்ஜினியரோ, அரசுப் பணியில் அளவுப் புத்தகம் எழுதி ஓய்வு பெற்றவரோ இந்த வேலையைச் செய்வார். அரசுப் பணிகளில் ஒருவர் அளந்து 'எம்-புக்'கில் எழுத, மேலதிகாரி திரும்ப அளந்து பார்த்த பிறகுதான் பில் நகரும். தனியார் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் கிடையாது.

கூடுதல் எங்கே ஒளிந்திருக்கும்?

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். மேல்தளம் 40 அடிக்கு 30 அடி, கனம் 5 அங்குலம். கான்கிரீட் 500 கனஅடி. அதன் கீழே 9 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் மொத்தம் 200 அடி நீளத்துக்கு பீம் ஓடுகிறது. பில்லில் பீமுக்கு 187.5 கனஅடி போட்டிருக்கிறார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் அந்த 15 அங்குலத்தில் மேலே உள்ள 5 அங்குலம் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தளக் கணக்கில் ஏற்கெனவே சேர்த்தாச்சு! தளத்துக்குக் கீழே தெரியும் 10 அங்குலத்துக்கு மட்டும் போட்டால் 125 கனஅடிதான். கனஅடிக்கு 220 ரூபாய் என்று வைத்தால், இந்த ஒரு வரியில் மட்டும் 13,750 ரூபாய் கூடுதல். வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம், கவனிக்காமல் விட்டதாகவும் இருக்கலாம்.

அடுத்தது பூச்சு. கதவு, ஜன்னல் இடத்தில் பூச்சே இல்லையே, இரண்டு பக்கமும் கழிக்கணும் என்று நாம் நினைப்போம். ஆனால் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 1200 அளவீட்டு முறை வேறு மாதிரி சொல்கிறது. அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். ஓரங்களைப் பூசும் வேலைக்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. வழக்கமான கதவு, ஜன்னல் எல்லாம் இந்த வகையில்தான் வரும்.

நம் வீட்டில் 21 சதுர அடியில் 8 கதவு, 16 சதுர அடியில் 10 ஜன்னல் என்றால் கழிவு 328 சதுர அடி. பில்லில் கழிக்காமல் விட்டிருந்தால், சதுர அடி 45 ரூபாய் ரேட்டில் 14,760 ரூபாய். அதே சமயம் ஓனர் இரண்டு பக்கமும் கழிக்கச் சொன்னால் அது காண்ட்ராக்டருக்கு அநியாயம். ஒரு விஷயம்: ஒப்பந்தத்தில் வேறு அளவீட்டு முறை எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அதனால் சர்வேயர் முதலில் கேட்பது பில்லை அல்ல, ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும்.

கம்பிக்கு மட்டும் லேட் பண்ணக் கூடாது

பீமையும் பூச்சையும் பிறகும் அளக்கலாம். கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் யாராலும் எண்ண முடியாது. வரைபடத்தில் உள்ளதை நம்பித்தான் கணக்குப் போடணும். எனவே சர்வேயரை கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளே வரச் சொல்லுங்க. அவர் கம்பிகளின் விட்டம், எண்ணிக்கை, இடைவெளி பார்த்து, டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். எடைக்கு சூத்திரம் D²/162. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் கம்பி ஒன்று சுமார் 10.67 கிலோ. வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் பில்லில் ஏற்றியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

அளவு சரி என்றால் வேலையும் சரியா?

இல்லை. விழுப்புரம் அருகே தளவானூரில் தென்பெண்ணை ஆற்றில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை, 2021 ஜனவரியில் உடைந்தது நினைவிருக்கும். பொறியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். சுவர் எத்தனை கனமீட்டர் என்று டேப் சொல்லும். அது நிற்குமா என்று சொல்லாது. அதற்கு கியூப் டெஸ்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எல்லாம் வேறு. மொத்தமாக சதுர அடி ரேட்டில் பேசியிருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே போர்டிகோ, மாடிப்படி அறையை முழு ரேட்டில் சேர்த்தார்களா என்பதுதான் சண்டை.

பணத்தை நிறுத்தி வைக்கலாமா?

முழு பில்லையும் நிறுத்தினால் சைட்டில் வேலை நின்றுவிடும். காண்ட்ராக்டரையோ மேஸ்திரியையோ கூட வைத்துக்கொண்டு அளந்து, அந்தத் தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்க. தகராறு இல்லாத வரிகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, மேலே பார்த்த 28,510 ரூபாயை மட்டும் காரணம் எழுதி நிறுத்துங்க. சர்வேயர் ஃபீஸை, குறைத்துக் கொடுக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசாதீங்க. அப்படிப் பேசினால் நியாயமான அளவையும் வெட்டத் தோன்றும். ஒரு விசிட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது.