பின்சுவரில் முடிந்த வழி

மடிப்பாக்கத்தின் உட்பகுதியில் ஒரு சந்து. பெயர்ப் பலகை கிடையாது. வீட்டு எண்களும் வரிசையாக இல்லை. இரவு பத்தரை மணிக்குச் சாப்பாட்டுப் பையுடன் வந்த இளைஞரிடம், இடம் வந்துவிட்டது என்கிறது மேப். எதிரே இருப்பதோ கதவே இல்லாத மதில்சுவர்.

"அம்மா, லொக்கேஷன்லதான் நிக்கிறேன். வாசலுக்கு வர்றீங்களா?"

"வாசல்லதான்ப்பா நிக்கிறேன். யாரையும் காணோமே!"

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அந்த அம்மா ஆர்டர் போட்டது பின்கட்டில் உட்கார்ந்து. கூரைக்கடியில் ஜிபிஎஸ் சிக்னல் பலவீனமாகிவிடும். வெட்டவெளியில் ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும் போன், வீட்டுக்குள் பல மீட்டர் தள்ளிக் காட்டலாம். அந்தப் புள்ளிக்கு மிக அருகில் எந்தத் தெரு வரையப்பட்டிருக்கிறதோ, அங்கே கொண்டுவந்து விடுவது மேப்பின் வழக்கம். வாசல் இருக்கும் சந்து மேப்பில் இல்லை, பின்பக்கத் தெரு இருக்கிறது. அதனால்தான் பின்சுவர்.

அவர் ஹாரனை இரண்டு முறை அடித்தார். "கேக்குதாம்மா?"

"கேக்குது தம்பி. ஆனா சமையக்கட்டுப் பக்கமா கேக்குது."

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல துப்பு கிடையாது. வீட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அந்த ஒரு பதில் சொல்லிவிட்டது. அடுத்த சந்துக்குள் நுழைய வேண்டும், எங்கே திரும்புவது?

"டெய்லர் கடைகிட்ட லெஃப்ட்டுப்பா."

இந்த நேரத்தில் எல்லாக் கடையும் ஷட்டர் போட்டிருக்கிறது, போர்டு தெரியவில்லை. "ராத்திரியில தெரியிற மாதிரி ஏதாச்சும் இருக்காம்மா?" என்றதும், சந்து முனையில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அடுத்து அனுபவசாலியின் கேள்வி: "எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா லெஃப்ட்?"

"பஸ் ஸ்டாப்லேர்ந்து."

இவர் வந்ததோ எதிர்ப்பக்கம், ஏரிப் பக்கத்திலிருந்து. அப்படியானால் இவருக்கு வலது. வழி சொல்பவர் தான் தினமும் நடந்து வரும் திசையை வைத்தே சொல்வார். அதைக் கேட்காமல் திரும்பினால் இன்னொரு முட்டுச்சந்தில்தான் நிற்க வேண்டும். சந்துக்குள் விளக்கில்லை. "கேட் லைட்டைப் போட்டுப் போட்டு அணைங்கம்மா" என்றார். நான்காவது வீட்டில் வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. பை கைமாறியது.

அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின், நாட்டை ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் குறியீடு தருகிறது. இருப்பிடம் அதில் துல்லியமாகும். ஆனால் அந்தச் சதுரத்துக்கு எந்தச் சந்து வழியாக வர வேண்டும் என்பதைக் குறியீடு சொல்லாது.

அதனால் உங்கள் முகவரியை இன்றே திருத்திவிடுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று புள்ளியை வையுங்கள். குறிப்பில், எந்த மெயின் ரோட்டிலிருந்து வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும், இரவிலும் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தையும் எழுதுங்கள்.