ரீலா, படமா? ஒரு காலாண்டுக் கணக்கு

காஞ்சிபுரத்தில் ஒரு சின்னப் பட்டுச்சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்ஸ்டாகிராமில் 12 ரீல்களும் 24 படங்களும் போட்டிருக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் கடைக்காரர் ரீச்சைக் கூட்டிப் பார்க்கிறார். ரீல்களுக்கு 82,000, படங்களுக்கு 28,800. இனிமேல் படமே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.

அந்த 82,000-இல் 60,000 ஒரே ஒரு ரீலுடையது. தறியில் ஜரிகை ஓடுவதைக் காட்டும் அந்த வீடியோ எப்படியோ பரவிவிட்டது. மற்ற 11 ரீல்களும் ஆளுக்கு 2,000 பேரை எட்டியவைதான். சராசரி போட்டால் ஒரு ரீலுக்கு 6,833 வரும். ஆனால் அந்த எண்ணுக்கு அருகில்கூட எந்த ரீலும் இல்லை. பதிவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 2,000. இந்த நடு எண்ணைத்தான் இடைநிலை என்கிறார்கள். படங்களுக்கு அது 1,200. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் கடைக்காரர் நினைத்த அளவுக்கு இல்லை.

வியூஸ் எண்ணை ஒப்பிட்டிருந்தால் இன்னும் குழம்பியிருப்பார். ரீல் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. ஒருவரே மூன்று முறை பார்த்தால் மூன்று. ரீச் அப்படியல்ல, ஒரு கணக்கை ஒரு முறைதான் எண்ணும். ஆகவே இரண்டு வடிவங்களையும் எடைபோட ரீச்சே நியாயமான தராசு.

அடுத்து, பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? பிறகு வாங்கலாம் என்று பதிவைச் சேவ் செய்தவர்கள், ரீலுக்கு 2,000 பேரில் 10 பேர். படத்துக்கு 1,200 பேரில் 24 பேர். அதாவது அரை சதவீதத்துக்கு எதிராக 2 சதவீதம். இன்சைட்ஸ் பக்கத்தில் இன்னொரு விவரமும் தெரிகிறது: ரீலைப் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் கடையைப் பின்தொடராதவர்கள், படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பின்தொடர்பவர்கள். ரீல் புது ஆட்களைக் கடை வாசலுக்கு அழைத்து வருகிறது. விலையும் முந்தானையும் தெளிவாகத் தெரியும் படம், வாங்க நினைப்பவரை நிறுத்தி வைக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. பரவிய ரீல் தீபாவளிக்கு முந்தைய வாரம் போட்டது. ஓடியது வீடியோவாலா, பண்டிகையாலா? டிசம்பர் கடைசி வாரப் பதிவுகளுக்கோ ஆள் சேர்க்கவே நாள் போதவில்லை.

அதனால் ஜனவரியில் கடைக்காரர் முறையை மாற்றுகிறார். ஒரே சேலைக்கு ஒரே வாரத்தில் ஒரு ரீல், ஒரு படம். இரண்டுக்கும் போட்ட ஏழாம் நாளில் ரீச்சும் சேவும் நோட்டில் ஏறுகின்றன. பக்கத்திலேயே இன்னொரு பத்தி: ரீல் எடுக்க மூன்று மணி நேரம், படத்துக்கு இருபது நிமிடம்.