எட்டுச் சக்கரம், எட்டு இடம்

இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவின் கீழே 2,200 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான், மீதி மறைந்துவிடும். பயிற்சிப் பட்டறை நடத்துகிற பலர் அந்த வரியைப் பூக்களுக்கும் வாழ்த்துக்கும் கொடுத்துவிட்டு, ‘கட்டணத்துக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று முடித்துவிடுகிறார்கள். விலை கேட்கக் கூச்சப்படுகிறவர் அங்கேயே நழுவிவிடுவார்.

மண்பாண்டப் பட்டறை ஒன்றுக்கு இப்படி எழுதலாம்: ‘ஞாயிறு காலை 10 முதல் 1 வரை. எட்டுச் சக்கரம் இருப்பதால் எட்டுப் பேர் மட்டும். கட்டணம் ரூ.1,800, களிமண், சூளை, வரி எல்லாம் சேர்த்து. கூரியர் செலவு தனி.’ இடம் ஏன் குறைவு என்ற காரணமும் அதிலேயே இருக்கிறது. வெறும் ‘சில இடங்களே’ என்பதை இன்று யார் நம்புகிறார்கள்?

சிக்கல் காத்திருப்போர் பட்டியலில்தான். அவர்களிடம் முன்பணம் வாங்கக்கூடாது. ‘இடம் காலியானால் வரிசைப்படி அழைப்போம், 12 மணி நேரத்தில் பணம் செலுத்தாவிட்டால் அடுத்தவருக்குப் போகும்’ என்று சொன்னால் போதும். பணம் திரும்பத் தரும் விதியும் இதோடு பிணைந்தது: வியாழன் இரவுவரை ரத்து செய்தால் முழுத்தொகை, அதற்குப் பிறகென்றால், காத்திருப்பவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் மட்டும்.

இடம் நிரம்பியதும் கேப்ஷனின் முதல் வரியைத் திருத்த வேண்டும். பழைய வரி அப்படியே கிடந்தால், வெள்ளிக்கிழமையும் விசாரிப்புகள் வந்துகொண்டேயிருக்கும்.