கடை கைமாறும்போது சரக்குக்கு என்ன விலை?

சென்னைப் புறநகரில் ஒரு மளிகைக் கடை. பதினைந்து வருடம் நடத்திய அண்ணாச்சி ஊருக்குப் போகிறார். பக்கத்துத் தெருவில் சின்னக் கடை வைத்திருக்கும் இளைஞர் வாங்க வருகிறார். ரேக், கல்லா, தராசு, குட்வில் எல்லாம் சேர்த்து ஒரு தொகை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இடத்துக்காரரிடம் இருக்கும் அட்வான்ஸும் சிக்கலில்லை. கடைசியில் ஒரு வரி வரும்: “சரக்கு எட்டு லட்சத்துக்கு இருக்கு தம்பி. எண்ணிப் பாத்து அடக்க விலைக்கு எடுத்துக்கோ.”

இந்த ஒரு வரியில்தான் பல வியாபாரங்கள் முறிகின்றன. எண்ணிக்கையில் தகராறு வருவது குறைவு. இருபது சோப்பை இரண்டு பேர் எண்ணினாலும் இருபதுதான். ஆனால் அந்த இருபதுக்கும் எந்த விலை போடுவது, எதைச் சரக்கு என்று ஒப்புக்கொள்வது என்ற இரண்டையும் பேசாமல் எண்ண உட்கார்ந்தால் பாதி ராத்திரியில் குரல் உயரும். எனவே எண்ணும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, ஒரே ஒரு தாளிலாவது, விதியை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

முதலில் அடக்க விலை. கேட்க எளிதாகத் தோன்றும் சொல்தான். மளிகைக் கடையில் ஆயிரத்துக்கு மேல் உருப்படிகள் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் கொள்முதல் பில்லைத் தேடினால் மூன்று நாள் ஆகும். அதனால் வழக்கத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. பாக்கெட் சரக்கு முழுவதையும் அதில் அச்சிட்ட எம்ஆர்பி விலைக்கு எழுதிக் கூட்டுவார்கள். மொத்தத்தில் கடைக்காரரின் லாபத்தைக் கழித்தால் அடக்கம் வந்துவிடும். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் போன்ற லூஸ் சரக்குக்குக் கடைசியாக வந்த பில்லின் விலை.

குறுக்குவழியில் ஒரு குழி இருக்கிறது. “பத்து பர்சென்ட் கழிச்சுக்கலாம்” என்று இருவரும் தலையாட்டுவார்கள். எதில் பத்து என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பாக்கெட் சரக்கின் எம்ஆர்பி மொத்தம் 5,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எம்ஆர்பியில் 10 சதவீதம் கழித்தால் 4,68,000. அடக்கத்தின் மேல் 10 சதவீத லாபம் என்று எடுத்து 1.10 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4,72,700. ஒரே பேச்சு, ஒரே சரக்கு, வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட 4,700 ரூபாய். தாளில் “எம்ஆர்பி மொத்தத்தில் இத்தனை சதவீதம் கழிவு” என்று எழுதிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எல்லாச் சரக்குக்கும் ஒரே கழிவும் பொருந்தாது. சிகரெட்டில் கிடைக்கும் லாபம் வேறு, பேர் தெரியாத கம்பெனி ஊதுபத்தியில் கிடைப்பது வேறு. வாங்குபவர் வகைக்கு ஐந்தாறு உருப்படிகளைத் தானே பொறுக்கி, அவற்றின் அண்மை பில்லைக் கேட்டு வாங்கி, எம்ஆர்பியோடு ஒத்துப் பார்த்தால் உண்மையான சதவீதம் தெரிந்துவிடும். பில்லில் ஸ்கீம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று 40 ரூபாய் என்று போட்டு, 12 வாங்கினால் 1 இலவசம் என்று வந்த சரக்கின் அடக்கம் 40 அல்ல. 480 ரூபாய்க்கு 13 வந்திருக்கிறது, ஆக 37க்கும் கொஞ்சம் கீழே. ஸ்கீமில் வந்ததை 40 கணக்கில் விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். பல கடைக்காரர்கள் அந்த இலவசத்தைத் தங்கள் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த கூலியாகவே நினைக்கிறார்கள். நினைக்கட்டும், ஆனால் முன்னாலேயே பேசிவிட வேண்டும்.

எம்ஆர்பி வழியில் இப்போது இன்னொரு கவனமும் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, ஹேர் ஆயில், பிஸ்கட் போன்றவற்றின் ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வரிக்கு முன் 100 ரூபாய் விலையுள்ள பொருள் முன்பு 118, இப்போது 105. பழைய உறையோடு ரேக்கின் பின்வரிசையில் நிற்கும் டப்பாவை 118 என்று எழுதினால், இன்றைக்கு எவரும் கொடுக்காத விலைக்கு வாங்குகிறோம் என்று பொருள். அதே பழைய விலை நமக்கு ஒரு துப்பும் தருகிறது: அந்தப் பொருள் அத்தனை மாதமாக நகரவில்லை.

வரியைப் பற்றி இன்னும் ஒன்று. காம்போசிஷன் முறையில் இருப்பவரும் ஜிஎஸ்டி பதிவே இல்லாதவரும் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அவர்களுக்கு வரியும் அடக்கத்தில் சேரும். வழக்கமான பதிவில் இருப்பவர் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்திருப்பார். அவருடைய அடக்கம் வரி நீங்கலானது. கடையைத் தொழிலாகவே முழுமையாக மாற்றிக் கொடுத்தால், மிச்சமிருக்கும் வரவை ITC-02 படிவம் மூலம் வாங்குபவர் கணக்குக்கு மாற்ற வழி இருக்கிறது. இரண்டில் எது நம் கதை என்று ஆடிட்டரிடம் கேட்ட பிறகுதான் கழிவு சதவீதத்தையே பேச வேண்டும்.

அடுத்து, எது சரக்கு? ரேக்கில் இருப்பதெல்லாம் விற்பவருடையது அல்ல. குளிர்பானக் கம்பெனி, ஐஸ்கிரீம் கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜ் பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பால், பிரெட், பத்திரிகை ஆகியவை கணக்கில் வராது. பால் டப், முட்டை அட்டை, காலி பாட்டில் இவற்றுக்கு டெபாசிட் இருந்தால் தனியாகப் பேச வேண்டும். தெருவாசிகளின் கடன் நோட்டு சரக்கே அல்ல. அதை அண்ணாச்சியே வசூலித்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் கட்சி. புதியவர் முதல் வாரமே பழைய பாக்கி கேட்டு வாசலில் நின்றால் வாடிக்கை போய்விடும்.

காலாவதிக்கு ஒரு படிக்கட்டு வைத்துக்கொள்ளலாம். தேதி முடிந்தது, கிழிந்தது, எலி கடித்தது எல்லாம் பூஜ்யம். தேதிக்கு இரண்டு மாதத்துக்குள் இருப்பது பாதி விலை. மற்றவை முழு அடக்கம். “ஏஜென்சிக்காரன் எக்ஸ்பைரியை மாத்திக் கொடுப்பான்” என்பார் விற்பவர். கொடுக்கலாம், ஆனால் அந்தக் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. மாற்றித் தரும் சரக்கை அவரே கையோடு எடுத்துப்போய் வரவு வைத்துக்கொள்வதுதான் சரி. நகராத சரக்கைத் தூசியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டாம், தூசியைத் துடைத்துவிடலாம். தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்.

எண்ணும் நாள் ஞாயிறு மத்தியானம் கடையடைத்த பிறகு என்று வைத்துக்கொண்டால் ராத்திரிக்குள் முடியும். ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் எழுத, இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர். கார்பன் வைத்த தாளில் இரண்டு பிரதி. வாசலுக்கு இடது கையிலிருந்து தொடங்கி ரேக் ரேக்காக, மேல் தட்டிலிருந்து கீழே. எழுதி முடித்த தட்டில் ஒரு சுண்ணாம்புக்கட்டிக் கோடு. விட்டுப்போவதும் இரண்டு முறை எண்ணுவதும் இந்தக் கோட்டினால் குறையும். மூடிய அட்டைப்பெட்டியை அப்படியே 48 என்று எழுதாமல் திறந்து பார்க்க வேண்டும். கீழே எடுத்துவிட்டு மேலே ஒட்டிய பெட்டிகள் எல்லாக் கடையிலும் உண்டு, பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே. அரிசி மூட்டையை நிறுத்துச் சாக்கு எடையைக் கழிக்க வேண்டும். எண்ணெய் டின்னையும் அப்படித்தான், காலி டின்னை ஒரு முறை நிறுத்து வைத்துக்கொண்டால் போதும்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது லைன் வண்டி வந்து பத்துப் பெட்டி இறக்கிவிட்டுப் போகும். அதைத் தனி மூலையில் வைத்து, “பில் யார் பெயரில்?” என்று முடிவு செய்யும் வரை தொடக்கூடாது. தாளில் ஏறாத சரக்கின் பில் விற்பவருக்கு வந்தாலும், ஏறிய சரக்கின் பில் வாங்குபவருக்கு வந்தாலும் ஒருவருக்கு நஷ்டம்.

இனி நம் கடையின் கணக்கு. பாக்கெட் சரக்கு எம்ஆர்பி 5,20,000. 10 சதவீதம் போக 4,68,000. லூஸ் சரக்கு பில் விலையில் 1,46,000. சிகரெட் பில் விலையில் 38,000. மொத்தம் 6,52,000. பாக்கெட்டில் தேதி நெருங்கியது 40,000 ரூபாய் எம்ஆர்பிக்கு இருந்தது; அதன் அடக்கம் 36,000, பாதி கழிந்தால் 18,000. தேதி முடிந்ததும் கிழிந்ததும் 12,000 எம்ஆர்பி, அடக்கம் 10,800, முழுவதும் கழிவு. மிச்சம் 6,23,200.

அண்ணாச்சி சொன்ன எட்டு லட்சம் எங்கே போனது? அவர் விற்கும் விலையிலேயே பார்த்திருக்கிறார்: பாக்கெட் 5,20,000, லூஸ் 1,68,000, சிகரெட் 42,000, ஆக 7,30,000. மீதி 70,000 பதினைந்து வருடப் பாசம்.

இளைஞர் முன்னாலேயே தாளில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தார்: சரக்கு ஆறு லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு எதை விடுவது என்பது வாங்குபவர் விருப்பம். இந்த உச்சவரம்பு மிக முக்கியம். இல்லாவிட்டால், நாளைக்கு விற்கப்போகிற கடையில் இன்றைக்குச் சரக்கை ஏற்றுவது எளிது. சீக்கிரம் போகும் சரக்கு கரைந்து, போகாத சரக்கு மட்டும் குவிந்திருப்பதும் சாதாரணம். மாத விற்பனை நாலரை லட்சம் என்றால், ஆறு லட்சம் இருப்பு ஒன்றேகால் மாதத்துக்கும் மேலே. மளிகைக்கு அதுவே தாராளம். அவர் 23,200 ரூபாய்க்குப் பழைய ஊதுபத்தியையும் பாத்திரம் தேய்க்கும் பவுடரையும் ஒதுக்கினார்.

“அது ஓடற சரக்குதான் தம்பி.”

“அப்போ நீங்களே ஊருக்குக் கொண்டுபோங்க அண்ணாச்சி, அங்கேயும் ஓடும்ல.”

சிரித்துக்கொண்டே அண்ணாச்சி பெட்டியைக் கட்டினார். எல்லா இடத்திலும் இப்படிச் சிரிப்பில் முடியாது. கணக்கில் சந்தேகம் வந்தால் முழுக் கடையையும் மறுபடி எண்ண வேண்டியதில்லை. இருவரும் ஒப்புக்கொண்ட மூன்றாம் ஆள், பக்கத்துச் சந்தையில் கடை வைத்திருப்பவர் போதும், ஏதோ இருபது வரிகளைத் தொட்டு எண்ணட்டும். இரண்டு மூன்று தப்பினால் அந்த ரேக்கை மட்டும் திரும்ப எடுக்கலாம். ஒவ்வொரு தாளிலும் அன்றே இருவர் கையெழுத்தும் வேண்டும்.

ஆறு லட்சத்தையும் அண்ணாச்சி கையில் கொடுப்பது சரியல்ல. ரேக்கில் இருக்கும் சரக்கில் ஒரு பகுதி ஏஜென்சிகளுக்கு இன்னும் பணம் கொடுக்காதது. அந்தப் பாக்கி 1,35,000 என்று பட்டியல் வந்தது. அதை வாங்குபவரே நேரடியாக ஏஜென்சிகளுக்குக் கட்டி ரசீது வாங்கினார். இல்லாவிட்டால் அடுத்த வாரம் லைன் ஆள் வந்து நிற்பது புதிய முதலாளியின் கல்லா முன்னால்தான். ஜிஎஸ்டி பாக்கியிலும் இதே ஆபத்து: கடையைத் தொழிலாக வாங்குபவர், மாறும் நாள் வரை விற்பவர் கட்டாத வரிக்கும் சேர்ந்து பொறுப்பாகிறார் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆவது பிரிவு. ஏஜென்சி பாக்கி போக நின்ற 4,65,000ல் 4,25,000 அன்று கைமாறியது. 40,000 பதினைந்து நாள் பிடித்து வைக்கப்பட்டது, பட்டியலில் வராத பில்லோ, திறக்காமல் விட்ட பெட்டியோ வந்தால் கழித்துக்கொள்ள. ஒன்பதாம் நாள் ஒரு எண்ணெய் ஏஜென்சியின் 6,200 ரூபாய் பில் வந்தது. அதைக் கழித்து மீதி 33,800 அண்ணாச்சியின் வங்கிக் கணக்கில் போடப்பட்டது.