ஐந்து திங்கட்கிழமைகள்

கோவையில் பம்ப்செட் பாகங்கள் கடையும் பட்டறை அது. நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். அங்கே ஆபீஸை நான் கவனித்துக்கொண்டிருந்த வருடம், லேத் ஆபரேட்டர் ஒருவர் ஜூன் 9, 23, ஜூலை 7, 21, ஆகஸ்ட் 4 ஆகிய ஐந்து நாளும் வரவில்லை. அத்தனையும் திங்கட்கிழமை. ஞாயிறு லீவுக்கு மறுநாள் ஆள் வராவிட்டால் பட்டறையில் ஒரே காரணம்தான் பேசுவார்கள். சூப்பர்வைசரும் அதையே நினைத்து, நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

“தாங்கள் அடிக்கடி வேலைக்கு வராமல் இருந்துள்ளீர்கள். மூன்று நாட்களுக்குள் தக்க மருத்துவச் சான்றுடன் விளக்கம் அளிக்கவும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.”

இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் தொழிலாளி காதில் இது எப்படி விழும்? ‘அடிக்கடி’ என்பது தேதி அல்ல, அபிப்பிராயம். ‘தக்க’ என்றால், நீ கொண்டுவருவது போலியாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வது. ‘விளக்கம்’ என்ற சொல்லுக்குத் தொழிற்சாலையில் மெமோ என்று மட்டும்தான் அர்த்தம். அதை வாங்கியவர் ஒன்று சங்கத்துக்குப் போவார், அல்லது மறுநாளிலிருந்து வரவே மாட்டார்.

இவற்றைவிடப் பெரிய கோளாறு, கழிந்துபோன நாளுக்குச் சான்று கேட்பது. அன்றைக்குப் பார்க்காத நோயாளிக்கு நேர்மையான டாக்டர் பழைய தேதி போட்டு எழுதித் தர மாட்டார். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருபவரைத் தேடி நாமே ஆளை அனுப்பிவிட்டு, பிறகு போலிச் சான்று என்று கோபப்படுகிறோம். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை, சராசரிக் கூலியில் 70 சதவீதம், பொதுவாக மூன்றாம் நாளிலிருந்துதான் கிடைக்கும். ஒரு நாள் காய்ச்சலுக்குப் பணம் வராது என்று தெரிந்தவர் அங்கே வரிசையில் நின்று சர்டிபிகேட் வாங்கி வைத்திருப்பாரா? அதனால் சான்று இல்லை என்பதாலேயே பொய் என்றாகிவிடாது.

நோட்டீஸை வாங்கி டிராயரில் வைத்தேன். டீ நேரத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.

“இந்த அஞ்சு நாளும் எதுல சேர்க்கறதுன்னு தெரியலீங்கண்ணா. சம்பளம் போடணும். உங்களுக்கு உடம்பு சரியில்லையா, வீட்டு ஜோலியா, சொன்னீங்கன்னா அந்தக் கணக்குல எழுதிக்கறேன்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து ஓரம் மடங்கிய ஓ.பி. நோட்டு ஒன்றை எடுத்தார். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. அரசு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பார்ப்பது திங்கட்கிழமை மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து தேதிக்கும் சீல் இருந்தது. “வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுத்தானுங்க போனேன்” என்றார். வாட்ச்மேன் யாரிடமும் சொல்லவில்லை.

சீலைப் பார்த்ததும் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன். தேதி போதும், என்ன நோய், என்ன மாத்திரை என்பது ஆபீஸ் ஃபைலுக்கு வேண்டியதில்லை. ஜெராக்ஸும் எடுக்கவில்லை. அவருக்கே நோயென்றாலும் இத்தனை நாள் ஓய்வு தேவை என்று டாக்டர் எழுதிய வரி போதும்.

ஆனாலும் எழுத்தில் ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சூப்பர்வைசர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

“ஜூன் 9, 23, ஜூலை 7, 21, ஆகஸ்ட் 4 ஆகிய நாட்கள் பற்றி நேரில் பேசினோம். அவை தற்செயல் விடுப்பில் சேர்க்கப்பட்டன. இனி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் காலை 8 மணிக்குள் ஆபீஸ் எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். திரும்பி வந்த மூன்று நாளுக்குள் ஓ.பி. சீட்டைக் காட்டினால் போதும். சீட்டு கிடைக்காவிட்டால் வந்து சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம். இந்த நடைமுறை எல்லாருக்கும் பொது.”

கடைசி வரியை வெறும் மரியாதைக்காக எழுதியதில்லை. அதே வாரம் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினோம். ஒருவரிடம் மட்டும் சீட்டு கேட்டால், வார்த்தை எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அது சந்தேகம்தான்.

இப்படிக் கேட்டும் சீட்டும் வராமல், பதிலும் வராமல் போவதுண்டு. அப்போது மெமோ கொடுக்கலாம், முறைப்படி விசாரணை வைக்கலாம். அது வேறு காகிதம், வேறு நாள். ‘தவறினால் நடவடிக்கை’ என்ற வரியை முதல் கடிதத்திலேயே சேர்த்தால் முன்னால் எழுதிய அத்தனையும் வீண். இ.எஸ்.ஐ. நோய் உதவித்தொகை பெறும் காலத்தில் ஒருவரைத் தண்டிக்கவோ வேலைநீக்கம் செய்யவோ சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பதையும் மெமோவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 18-ஆம் தேதி காலை ஏழே முக்காலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. மதியம் இரண்டாம் ஷிப்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டார். சூப்பர்வைசர்தான் போனை எடுத்தார். சரி என்றார்.