ரோமின் தண்ணீர்க் கணக்கு

கி.பி. 97ஆம் ஆண்டு பேரரசர் நெர்வா, ரோம் நகரின் தண்ணீர் நிர்வாகத்தை ஃப்ரோண்டினஸ் என்ற மூத்த செனட்டரிடம் ஒப்படைத்தார். பிரிட்டனில் ஆளுநராக இருந்து படை நடத்தியவர் அவர். கீழே வேலை பார்ப்பவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற அதிகாரியாக இருப்பதைவிடக் கேவலம் வேறில்லை என்று நினைத்தவர். அதனால் வாய்க்கால்களை நேரில் போய்ப் பார்த்தார், அளந்தார், எழுதி வைத்தார். அந்த நூல் இன்றும் கிடைக்கிறது. அலுவலகப் பதிவேட்டைப் புரட்டியதுமே அவருக்கு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. நகருக்கு வருகிற தண்ணீர் 12,755 அளவு என்றும், நகரில் வினியோகிக்கப்படுவது 14,018 அளவு என்றும் எழுதியிருந்தது. வரவைவிடச் செலவு அதிகம்!

அப்போது ரோமுக்கு ஒன்பது வாய்க்கால்கள் தண்ணீர் கொண்டுவந்தன. படங்களில் நாம் பார்ப்பது வரிசை வரிசையான கல் வளைவுகளைத்தான். ஆனால் கி.மு. 144இல் தொடங்கிய மார்சியா வாய்க்காலின் நீளம் ஏறக்குறைய 91 கிலோமீட்டர். அதில் சுமார் 80 கிலோமீட்டர் மண்ணுக்கு அடியில்தான் ஓடியது. பூமிக்குள் ஓடினால் வெயில் படாது, கட்டுமானச் செலவும் குறைவு. நகரை நெருங்கும்போது தரை தாழ்ந்துவிடும். தண்ணீரோ குன்றுகளின் மேலிருக்கும் வீடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும். அந்த உயரத்தை விட்டுவிடாமல் இருக்கத்தான் வளைவுகள்.

மலையடிவார ஊற்றிலிருந்து நகரம் வரை தண்ணீரை இழுத்து வந்தது வாட்டம் மட்டுமே. வாட்டம் கூடினால் வேகம் கூடிப் பூச்சை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் தேங்கிவிடும். இன்றைய பிரான்சில் உள்ள நீம் நகருக்கு ரோமானியர் வெட்டிய வாய்க்கால் 50 கிலோமீட்டர் ஓடுகிறது. மொத்த இறக்கமோ பதின்மூன்று மீட்டர்கூட இல்லை. இதற்கு மட்டம் பார்த்த கருவி சுமார் ஆறு மீட்டர் நீள மரப் பலகை. இரு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கும். காற்றடித்துக் குண்டு ஆடினால் பலகையின் மேலுள்ள பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்கள். வாய்க்காலின் உட்புறத்துக்குச் சுண்ணாம்போடு செங்கல் பொடி கலந்த பூச்சு, நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்று சொன்ன அதே சரக்கு.

கட்டி முடித்தால் வேலை முடிந்துவிடாது. ஊற்றுநீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, வாய்க்காலின் சுவரில் படிந்துகொண்டே வரும். விட்டுவிட்டால் தண்ணீர் போகும் வழியே குறுகிவிடும். உள்ளே இறங்கிச் செதுக்கி எடுக்க ஆட்கள் வேண்டும். அதற்காகவே மேலே இடைவெளி விட்டுக் குழிகள் வைத்திருந்தார்கள். பக்கத்து மரங்களின் வேரும் சுவரைப் பிளக்கும். ஃப்ரோண்டினஸின் கீழ் இந்த வேலைகளைப் பார்த்தவர்கள் 700 அடிமைகள். மேற்பார்வையாளர், காவலர், கொத்தனார், பூச்சுக்காரர் எல்லாம் அதில் அடக்கம்.

நகருக்குள் தண்ணீர் முதலில் பங்கீட்டுத் தொட்டிகளில் இறங்கும். பெரும்பாலான மக்கள் தெருமுனைத் தொட்டியில்தான் பிடிப்பார்கள். அடுக்குமாடியில் குடியிருந்தவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியதுதான். வீட்டுக்குள் இணைப்பு வேண்டுமானால் பேரரசரிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி அந்த ஆளுக்கு மட்டுமே. வீடு கைமாறினால் உரிமை போய்விடும்.

எவ்வளவு தண்ணீர் என்பதைத் தீர்மானித்தது, தொட்டிச் சுவரில் பதித்த ஒரு வெண்கலக் குழல். நீளம் ஒரு சாணுக்குக் குறையாமல் இருக்கும். குழலின் அளவு அதிகாரபூர்வமாக முத்திரையிடப்பட்டிருக்கும். ஈயக் குழாயை அடித்து விரித்துக்கொள்ளலாம். வெண்கலத்தை அப்படி எளிதில் வளைக்க முடியாது. குழலைத் தாண்டி முதல் ஐம்பது அடிக்கு ஈயக் குழாயும் அதே அகலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அகலமான குழாயை உடனே மாட்டினால் அது அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் தண்ணீர்க்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். முத்திரையில்லாத பெரிய குழலை வைப்பார்கள். உரிமை புதியவருக்கு மாறும்போது புதுத் துளை போட்டுவிட்டு, பழைய துளையை அடைக்காமல் அந்தத் தண்ணீரை விற்பார்கள். தெருவுக்கு அடியில் போகும் குழாயில் அங்கங்கே ஓட்டை போட்டு வழியிலுள்ள கடைகளுக்குக் கொடுப்பார்கள். ஃப்ரோண்டினஸ் தோண்டி எடுத்த கள்ளக் குழாய்களின் ஈயமே கணிசமாகச் சேர்ந்ததாம்.

ஆனால் கணக்கில் விழுந்த துண்டு முழுவதையும் திருடர்கள் தலையில் கட்ட முடியாது. அவருடைய அளவு முறை குழாய் வாயின் பரப்பை மட்டுமே பார்த்தது. வேகமாக வரும் தண்ணீர் அதே துளை வழியாக அதிகம் வரும் என்பதைக் கவனித்திருக்கிறார். வேகத்தை அளக்கத்தான் வழியில்லை.

தண்ணீர் இரவு பகலாக வந்துகொண்டே இருந்தது. வீட்டுக் குழாயில் திருகு இருந்தாலும், இங்கே மூடினால் தண்ணீர் வேறோர் இடத்தில் வழியும். தெருத்தொட்டிகளில் வழியும் நீரை அனுமதியில்லாமல் யாரும் எடுக்கக் கூடாது என்று அரசாணை இருந்தது. காரணம், சாக்கடையை அலசித் தள்ளுவது அந்த வழிநீர்தான்.

நடுவில் பெரும் பங்கைக் குடித்தவை குளியலகங்கள். நுழைவுக் கட்டணம் மிகச் சிறிய செப்புக் காசு. அதனால் கூலிக்காரரும் போனார். சூடான அறையின் தரை, சுமார் இரண்டடி உயரச் செங்கல் தூண்களின் மேல் நின்றது. பக்கத்து அடுப்பின் அனல் அந்த இடைவெளியில் புகுந்து, சுவருக்குள் பதித்த பொள்ளல் ஓடுகள் வழியாக மேலேறும். உடம்பில் எண்ணெய் தேய்த்து, வளைந்த உலோகக் கத்தியால் அழுக்கோடு வழித்தெடுத்துவிட்டு நீரில் இறங்குவார்கள். குளியலகத்துக்கு மேல்மாடியில் குடியிருந்த செனகா, கீழிருந்து வரும் முனகலையும், பலகாரம் விற்பவன் கூவலையும், அக்குள் முடி பிடுங்குபவனிடம் மாட்டியவர்களின் அலறலையும் பற்றி ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

இங்கேதான் நம் கற்பனையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். தொட்டி நீரில் குளோரின் கிடையாது. எப்போதாவதுதான் முழுவதும் மாற்றினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸே குளியல் நீர் என்றாலே எண்ணெய், வியர்வை, அழுக்கு என்று எழுதுகிறார். ஆறாத புண்ணோடு குளிக்கப் போகாதீர்கள், புண் அழுகிவிடும் என்று மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் எச்சரிக்கிறார்.

சாக்கடையும் அப்படித்தான். க்ளோவாக்கா மாக்சிமா என்ற பெருஞ்சாக்கடை தொடக்கத்தில் ஃபோரம் பள்ளத்தின் சதுப்பு நீரை வடிக்கத் தோண்டிய வாய்க்கால். மழைநீரை வடிப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகள் அதில் இணைக்கப்படவில்லை. நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய் அன்று கிடையாது. டைபர் ஆறு பெருகினால் கழிவு எதிர்த்து வீட்டுக்குள்ளேயே வரும். எனவே சமையலறைப் பக்கத்தில் ஒரு மலக்குழி. நிரம்பினால் அள்ளிப் போக ஆள். மாடியிலிருந்து தெருவில் ஊற்றி யாருக்காவது அடிபட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டமே இருந்தது.

ரோமப் பேரரசின் பழைய மலக்குழிகளையும் புதைகுழி மண்ணையும் சோதித்தவர்கள், குடற்புழு முட்டைகள் முந்தைய காலத்தைவிடக் குறையவில்லை என்கிறார்கள். கழிவு வயலுக்கு உரமாகப் போனது ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீரைக் கொண்டுவருவதில் ரோமானியர் கெட்டிக்காரர்கள். கழிவை மனிதரிடமிருந்து பிரிப்பதில் பாதி வழிதான் வந்தார்கள்.

537இல் கோத்துகள் நகரை முற்றுகையிட்டு வாய்க்கால்களை அறுத்தபோது, குடிக்கக் கிணறும் டைபரும் இருந்தன. குளியலகங்கள்தான் உடனே நின்றன.