அசலை அழித்த இரவு: மேலாளருக்கு என்ன எழுதுவது?

2017 ஜனவரி 31 இரவு. மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தரவுத்தளத்துக்கு இரண்டு சர்வர்கள்: ஒன்று அசல், மற்றது நகல். நகலில் இருப்பதை அழிப்பதாக நினைத்து அசலில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

இதைப் பொறியாளர் அல்லாத ஒரு மேலாளருக்கு எப்படித் தெரிவிப்பது? “பிரைமரியில் டேட்டா டைரக்டரி டெலீட் ஆகிவிட்டது, எல்விஎம் ஸ்னாப்ஷாட்டிலிருந்து ரீஸ்டோர் செய்கிறோம்” என்று எழுதினால் அத்தனையும் உண்மைதான். ஆனால் அடுத்த நிமிடம் வாடிக்கையாளர் போனில் வந்தால் அவரிடம் சொல்ல மேலாளருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் பாதிப்பு. நான் எழுதியிருந்தால் இப்படித்தான் தொடங்குவேன்: “இன்று மாலை 5.20 முதல் நள்ளிரவு வரை பதிவானவை போய்விட்டன. சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் இதில் அடங்கும். வாடிக்கையாளர்களின் நிரல் சேமிப்பகங்கள் அழியவில்லை.” அந்தக் கடைசி வரி மிக முக்கியம். எது பத்திரமாக இருக்கிறது என்று சொல்லாவிட்டால், எல்லாமே போய்விட்டதாகத்தான் படிப்பவர் நினைப்பார். எண்ணிக்கை உறுதியாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உத்தேசம் என்று குறிப்பிட்டு, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதினால் போதும்.

அடுத்தது காரணம். இங்கேதான் பல அறிக்கைகள் வழுக்குகின்றன. “மனிதத் தவறு” என்று எழுதி முடித்தால், மேலாளர் அந்தப் பொறியாளரைக் கண்டிப்பதோடு விஷயம் முடிந்துவிடும். கை தவறியது ஒரு நொடி. ஆறு மணி நேரத்துக்கும் மேலான தரவு ஏன் மீளவில்லை? தினமும் எடுக்கப்பட வேண்டிய காப்புநகல், போய்ச் சேர வேண்டிய இடத்தில் இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாமல் நகலெடுப்பது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வேறொரு வேலைக்காக ஒரு பொறியாளர் அன்று மாலை தற்செயலாக எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது.

மேலாளருக்கு இதைச் சொல்ல பதிப்பு எண்கள்கூடத் தேவையில்லை. “காப்புநகல் எடுக்கப்படவில்லை, எடுக்கப்படவில்லை என்பதும் நமக்குத் தெரியவில்லை” என்றால் புரிந்துவிடும்.

தீர்வை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். மறுநாள் மாலை 6 மணிக்குத் தளம் திரும்பியது. அது மீட்பு மட்டுமே, ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அதை யார், எந்தத் தேதிக்குள் அடைப்பார், அடைபட்டதை எப்படிக் காட்டுவார் என்பது தனியாக வர வேண்டும். “காப்புநகலைக் கண்காணிப்போம்” என்ற வாக்கியத்தை எந்த மேலாளராலும் சரிபார்க்க முடியாது. “ஒவ்வொரு வாரமும் காப்புநகலிலிருந்து ஒரு தனி சர்வரில் தரவுத்தளத்தை எழுப்பிப் பார்த்து, ஆன நேரத்தைத் தெரிவிப்போம்” என்றால், திங்கட்கிழமை காலை அவரே கூப்பிட்டுக் கேட்கலாம்: “இந்த வாரம் எழும்பியதா, எவ்வளவு நேரம் ஆனது?”